முந்நூற்றுப் பன்னிரண்டு வரிகள்

வாட்ஸ்அப் உரையாடலை நாடக வசனம் மாதிரி மாற்றி அச்சடித்துத் தரும் வேலையைக் கள்ளக்குறிச்சி கோர்ட் பக்கம் முதலில் ஆரம்பித்தவன் நான்தான். இதைப் பல பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது சொன்னால் வாய் கசக்கிறது. ஆனாலும் நான்தான் ஆரம்பித்தேன், அதை மறைக்க முடியாது.

எனக்குக் கோர்ட் எதிரே டைப்பிங், ஜெராக்ஸ் கடை. இரண்டு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். முன்பெல்லாம் மனு, பிரமாணப் பத்திரம், கிரயப் பத்திரம் இவைதான் வரும். கொஞ்ச வருடமாக எல்லா வழக்கிலும் செல்போன் வந்துவிட்டது. புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் கண்டிப்பாக வாட்ஸ்அப் உண்டு. வக்கீல்கள் கட்சிக்காரரைப் போனோடு என் கடைக்கு அனுப்பிவிடுவார்கள்.

போனில் அந்த உரையாடலைத் திறந்து, மேலே மூன்று புள்ளியைத் தொட்டால் உள்ளே 'எக்ஸ்போர்ட் சாட்' என்று இருக்கும். அதைத் தொட்டால் மொத்தப் பேச்சும் ஒரு வெறும் எழுத்துக் கோப்பாக வெளியே வரும். அழகு என்று அதில் ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் தேதி, ஒரு காற்புள்ளி, நேரம், ஒரு சின்னக் கோடு, பேசியவர் பெயர், இரண்டு புள்ளி, பிறகுதான் பேச்சு. 'சரி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலும் அதற்கு முன்னால் இத்தனை சங்கதியும் வரும். ஒருவர் ஒரே செய்தியை நாலு வரியாகத் தட்டியிருந்தால் முதல் வரிக்குத்தான் தேதியும் பெயரும் இருக்கும். மீதி மூன்று வரியும் பெயர் இல்லாமல் அநாதையாகக் கிடக்கும். இதை அப்படியே அச்சடித்தால் ஐம்பது பக்கம், அறுபது பக்கம். எந்த நீதிபதிக்கு அதைப் படிக்கப் பொறுமை இருக்கிறது?

ஒரு வக்கீல் இப்படி ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேஜை மேல் போட்டார். "இன்னாய்யா இது, பஞ்சாங்கம் மாதிரி கீது? ஜட்ஜ் ஐயா தூக்கி எறியறாரு" என்றார். அன்றைக்குத்தான் உட்கார்ந்து யோசித்தேன். தேதியையும் நேரத்தையும் ஒரே தட்டில் எடுக்க வேர்டில் வழி இருக்கிறது. எண், சாய்கோடு, எண் என்று ஒரு மாதிரியைக் கொடுத்துத் தேடச் சொன்னால் எல்லாத் தேதியும் போய்விடும். அதிலும் ஒரு எரிச்சல் உண்டு. நேரத்துக்கும் 'ஏஎம் பிஎம்'முக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். பார்க்க சாதாரண இடைவெளிதான். ஆனால் ஸ்பேஸ் தட்டித் தேடினால் 'ஒன்றும் இல்லை' என்று வரும். அது வேறு ரக இடைவெளி என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு முழு நாள் ஆனது. அந்தக் கோப்பிலிருந்தே அந்த இடைவெளியை எடுத்துத் தேடும் கட்டத்தில் ஒட்டினேன். வேலை முடிந்தது.

அதன்பிறகு பெயர்கள். போனில் எப்படிப் பெயர் சேமித்திருக்கிறார்களோ அப்படித்தான் கோப்பிலும் வரும். அதை மாற்றி 'மனுதாரர்', 'எதிர்மனுதாரர்' என்று போடுவேன். இரண்டு புள்ளியையும் சேர்த்துத்தான் தேட வேண்டும். இல்லாவிட்டால் பேச்சுக்கு நடுவில் வருகிற பெயரும் மாறித் தொலையும். அநாதை வரிகளை மேல் வரியோடு சேர்ப்பேன். ஒரே ஆள் அடுத்தடுத்து ஆறு செய்தி அனுப்பியிருந்தால் ஆறையும் ஒரே பேச்சாகச் சேர்த்து, பெயரை ஒரு தடவை மட்டும் போடுவேன். ஆள் மாறும் இடத்தில் ஒரு வரி இடைவெளி. குப்பை வரிகளை எல்லாம் எடுத்துவிடுவேன். அறுபது பக்கம் எட்டுப் பக்கமாகும். பெயர் தடித்த எழுத்தில், பேச்சு சாதா எழுத்தில். பார்க்க நாடகப் புத்தகம் மாதிரி இருக்கும்.

வக்கீல்கள் வரிசையில் நின்றார்கள். எனக்கும் தலை கனத்தது.

அந்தப் பெண் வந்தது போன வருடம் மழைக் காலத்தில். கல்வராயன் மலையில், வெள்ளிமலையிலிருந்து இன்னும் உள்ளே போகிற ஒரு ஊர். பஸ்ஸில் இறங்கி நனைந்துபோய் வந்திருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். பனியன் கம்பெனியில் வேலை செய்தபோது நைனார்பாளையத்துப் பையன் ஒருவனைக் கட்டிக்கொண்டிருக்கிறாள். ஒரு பெண் குழந்தை, நாலு வயது. சண்டையில் அவன் இவளை அடித்துத் துரத்திவிட்டுக் குழந்தையைத் தன் அம்மாவிடம் வைத்துக்கொண்டான். இவள் மலைக்குப் போய் அப்பன் வீட்டில் இருக்கிறாள். குழந்தையைக் கேட்டு மனு போட்டிருக்கிறாள். அவன் பக்கம் சொன்ன பதில் ஒன்றே ஒன்று: 'இவள் குழந்தையை வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனவள். ஒரு நாள்கூட விசாரிக்கவில்லை.'

அவளுடைய வக்கீல் ஒரு அம்மா. கெட்டிக்காரி, ஆனால் எப்போதும் ஓட்டம். ஒரு நாளைக்கு நாலு கோர்ட். அவர்தான் அனுப்பியிருந்தார்.

"அண்ணா, வக்கீலம்மா சொன்னாங்க. நானும் அவரும் போன்ல பேசிக்கினதை எடுக்கணுமாம்."

"அவன்கிட்ட புள்ளைய விசாரிச்சியா?"

"தெனம் விசாரிச்சேங்க. ஆறு மாசமா தெனம்."

"அப்ப பயப்படாத. ஆறு மாசத்தையும் வெளிய எடுத்துடலாம்."

போனை வாங்கிப் பார்த்தேன். திரை ஒரு மூலையில் உடைந்திருந்தது. அவன் பெயரை 'பாப்பா அப்பா' என்று சேமித்திருந்தாள். அவளுடைய பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'முருகன் துணை' என்று இருந்தது. போன் வாங்கிக் கொடுத்த அண்ணன் போட்டதாம்.

எக்ஸ்போர்ட் தொட்டால் போன் ஒரு கேள்வி கேட்கும். படம், குரல் எல்லாம் சேர்த்தா, சேர்க்காமலா? சேர்த்தால் கோப்பு பெரிதாகும், அனுப்ப நேரமாகும், அவள் போனில் இடமும் இல்லை, நெட்டும் மந்தம். கடையில் ஐந்து பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

"சேர்க்காதன்னு தொடு" என்றேன். அவள் தொட்டாள். கோப்பு என் மெயிலுக்கு வந்தது. "மதியம் வா" என்று அனுப்பிவிட்டேன்.

இப்போது சொல்லப்போவதை யாரும் என்னைக் கட்டாயப்படுத்திச் செய்ய வைக்கவில்லை. தேதி போனது. நேரம் போனது. 'முருகன் துணை' மனுதாரர் ஆனது. 'பாப்பா அப்பா' எதிர்மனுதாரர் ஆனது. பிறகு குப்பை. படமோ குரலோ சேர்க்காமல் எடுத்தால், அவை இருந்த இடத்தில் எல்லாம் 'மீடியா ஒமிட்டட்' என்று ஒரு வரி வரும். மீடியா விடப்பட்டது என்று அர்த்தம். எல்லாக் கோப்பிலும் வரும். பெரும்பாலும் காலை வணக்கப் படம், சாமி படம், கோழிக் குழம்புப் படம். எடுத்து எறிவதுதான் என் வழக்கம். அவள் கோப்பிலும் 'மனுதாரர்: மீடியா ஒமிட்டட்' என்று கொடுத்து, பதிலுக்கு ஒன்றும் கொடுக்காமல், எல்லாவற்றையும் மாற்று என்று தட்டினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு இடத்தில் மாற்றியாகிவிட்டது என்று கம்ப்யூட்டர் சொன்னது.

முந்நூற்றுப் பன்னிரண்டு. கண்ணால் பார்த்தேன். 'அப்பாடா, சுத்தமாகிவிட்டது' என்றுதான் நினைத்தேன். மலையில் இருக்கிற ஒரு பெண் ஆறு மாதத்தில் முந்நூறு கோழிக் குழம்புப் படமா அனுப்புவாள் என்று ஒரு நொடி யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. அடுத்த ஆள் வில்லங்கச் சான்றுக்கு நின்றுகொண்டிருந்தான்.

அந்த வரிகள் போனதும் அவன் செய்திகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டன. ஒரே ஆள் தொடர்ந்து பேசுகிறான் என்று அவற்றையும் ஒரே பத்தியாகச் சேர்த்தேன். ஒன்பது பக்கம் வந்தது. வக்கீலம்மா ஓட்டத்தில் வந்து இரண்டு பக்கம் புரட்டினார்.

"நல்லா படிக்கற மாதிரி இருக்குங்க. கையெழுத்து வாங்கிடுங்க. சான்றிதழையும் சேர்த்துக் குத்திடுங்க."

அந்தப் பெண் ஐந்தாவதுவரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். ஒன்பது பக்கத்திலும், போனிலிருந்து எடுத்தது உண்மை என்கிற சான்றிதழிலும் பொறுமையாகக் கையெழுத்துப் போட்டாள். "படிச்சிப் பாத்தியா?" என்று நான் கேட்கவில்லை. அவளும், "நீங்க பாத்தா சரிண்ணா" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரண்டு மாதம் கழித்து அந்த வழக்கு வந்தது. வேறு ஒரு வக்கீலுக்கு ஜெராக்ஸ் கொடுக்கப் போனவன், அவள் நிற்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றேன்.

அவன் பக்கத்து வக்கீல் வயசாளி. குரல் உயர்த்தவே மாட்டார். என்னுடைய ஒன்பது பக்கத்தைக் கையில் வைத்திருந்தார். இதில் தேதி இல்லை, நேரம் இல்லை, ஏற்க முடியாது என்று அவர் சண்டை போடுவார் என்றுதான் நினைத்தேன். போடவில்லை.

"ஐயா, இது மனுதாரர் தரப்பே தாக்கல் பண்ண ஆவணம். எங்களுக்கு ஆட்சேபணையே இல்லை. கொஞ்சம் படிக்க அனுமதிக்கணும்" என்றார். படித்தார். நாடகம் படிப்பது மாதிரியே, ஆள் பெயரைச் சொல்லிச் சொல்லிப் படித்தார்.

"எதிர்மனுதாரர்: பாப்பாவுக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்கி இட்டுகினு போறேன். நீ எங்க கீற? பாப்பா அம்மா அம்மான்னு அழுவுது. நான் இன்னா பதில் சொல்றது? உனக்குப் புள்ள வேணாமா? மாத்திரை குடுத்துட்டேன். தூங்குது."

கொஞ்சம் நிறுத்திவிட்டு, "மனுதாரர்: ம்" என்றார்.

யாரோ பின்னால் சிரித்தார்கள். அவர் அடுத்த பக்கம் போனார். பிறந்தநாள் பற்றி அவன் ஏழு வரி. மனுதாரர்: சரி. பள்ளியில் சேர்ப்பது பற்றி அவன் பத்து வரி. மனுதாரர்: ஒரு கட்டைவிரல் படம்.

"ஒன்பது பக்கம் ஐயா. தாயார் பேசினது மொத்தம் இருபது வார்த்தை தேறாது. நாங்க வேற இன்னா நிரூபிக்கணும்?"

வக்கீலம்மா எழுந்து ஏதோ சொன்னார். குழந்தை சின்னது, பெண் குழந்தை, தாயிடம்தான் இருக்க வேண்டும் என்றார். அவர் சொன்னது சட்டப்படி சரி. ஆனால் அவர் முகத்தில் ரத்தம் இல்லை. தாக்கல் செய்த ஆவணத்தை அவரும் அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டார்.

அரை மணி நேரத்தில் அந்தப் பெண் என் கடைக்கு வந்தாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்கு அது வசதி.

"நான் பேசுனதெல்லாம் எங்கண்ணா?"

"நீ இன்னா பேசுன? ம், சரி, அவ்ளோதான் இருந்துது."

"எழுதலண்ணா. பேசினேன். எனக்கு வேகமா எழுத வராது. எங்கூருல டவரும் கெடயாது. வூட்ல மைக்க அமுக்கிப் பேசி வெச்சிக்கினு, தண்ணித் தொட்டி மேட்டுக்கு ஏறுனாத்தான் சிக்னலு. அங்க போனா எல்லாம் ஒண்ணா போவும். தெனம் ஒண்ணு, ரெண்டு பேசுவேன். காய்ச்சல் அன்னிக்கி ஏழு. அந்த மேட்லயே நின்னுகினு இருந்தேன், மழையில."

எனக்கு அப்போதுதான் முந்நூற்றுப் பன்னிரண்டு ஞாபகம் வந்தது.

"போனக் குடு" என்றேன். கை நீட்டினேன். "குரல் எல்லாம் அதுல இருக்கும். இப்ப சேர்த்து எடுத்துடலாம்."

கொடுத்தாள். உரையாடல் இல்லை. எந்த உரையாடலும் இல்லை. போன் புதிதாக வாங்கினது மாதிரி இருந்தது.

"ஒரேயடியா ஹேங் ஆவுதுன்னு போன மாசம் கச்சிராயபாளையத்துல கடையில குடுத்தேன். எல்லாத்தையும் அழிச்சிட்டுக் குடுத்தாங்க. அதான் நீங்க ஏற்கெனவே வெளிய எடுத்துட்டீங்களேன்னு சரின்னுட்டேன்."

நீங்கள் ஏற்கெனவே வெளியே எடுத்துவிட்டீர்களே. இதைக் குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அப்படியே நம்பியிருக்கிறாள். வேறு எங்காவது பிரதி இருக்கிறதா என்று பார்த்தேன். தானாகப் பிரதி எடுத்து வைக்கும் வசதியை அவள் அண்ணன் போடவே இல்லை. ஒரு பிரதி மட்டும் உலகத்தில் இருக்கிறது, அது அவன் போனில்.

என் மெயிலில் பழைய எழுத்துக் கோப்பு இருந்தது. திறந்தேன். காய்ச்சல் நாளைத் தேடினேன். சாயங்காலம் ஆறு பத்து, பாப்பா அப்பா, பாப்பாவுக்குக் காய்ச்சல். ஆறு பதினொன்று, முருகன் துணை, மீடியா விடப்பட்டது. ஆறு பதினொன்று, மீடியா விடப்பட்டது. ஆறு பன்னிரண்டு, மீடியா விடப்பட்டது. ஆறு இருபது, அவன்: நீ எங்க கீற? ஆறு இருபத்தொன்று, மீடியா விடப்பட்டது. அவன் கேட்ட ஒவ்வொன்றுக்கும் இவள் அதே நிமிடம், அல்லது அடுத்த நிமிடம் பதில் சொல்லியிருக்கிறாள். கடைசியாக அவன், தூங்குது என்கிறான். அதற்குத்தான் 'ம்'. மழையில் நின்றிருந்த பெண் குழந்தை தூங்கிவிட்டது என்று கேட்டு எழுதின 'ம்' அது. நான் நடுவில் இருந்த எல்லாவற்றையும் பிடுங்கி, அவன் பேச்சை எல்லாம் ஒரே கட்டாகக் கட்டி, அதன் கடைசியில் அந்த 'ம்'மை ஆணி மாதிரி அடித்திருந்தேன்.

அன்றைக்கே அந்தக் கோப்பை ஒரு புள்ளி மாற்றாமல் அச்சடித்தேன். ஐம்பத்து நாலு பக்கம். வக்கீலம்மாவிடம் கொண்டுபோனேன். அவர் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து படித்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"இதை அன்னிக்கே குடுத்திருக்கலாமே" என்றார்.

"நீங்கதான் பஞ்சாங்கம் வேணாம், சுருக்கமா வேணும்னு கேப்பீங்க."

"நான் இந்தக் கேஸ்ல கேட்டேனா?"

"கேக்கல. நீங்க படிச்சீங்களா?"

அவர் ஐம்பத்து நாலு பக்கத்தையும் மேஜையில் தட்டி அடுக்கினார்.

"கூடுதல் ஆவணமா தாக்கல் பண்றேன். ஆனா எதிர்த்தரப்புப் பெரியவர் இன்னா சொல்வாருன்னு எனக்கு இப்பவே தெரியும்" என்றார். அதையேதான் அடுத்த வாய்தாவில் அவரும் சொன்னார். மீடியா என்றால் குரலா, பாட்டா, சாமி படமா? யார் கண்டது? கோப்பில் எல்லாவற்றுக்கும் ஒரே வரிதான். உண்மைதான். குரல் என்று அந்த வரி சொல்லாது. அவன் போனைக் கொண்டுவரச் சொல்லி வக்கீலம்மா மனுப் போட்டார். அவன் போன் மாற்றிவிட்டேன், பழையதெல்லாம் போய்விட்டது என்று எழுதிக் கொடுத்தான். அவன் போன் மாற்றவில்லை. அதே போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் எழுதிக் கொடுத்தான், அந்தப் பெண் அடையாளம் கண்டு சொன்னாள். அதை எப்படி நிரூபிப்பது?

நான் சும்மா இருக்க முடியாமல் ஒரு காரியம் செய்தேன். அவளைக் கடையில் உட்கார வைத்து, "ஞாபகம் இருக்கறதச் சொல்லு. இந்த எடத்துல இன்னா பேசுன?" என்று கோப்பைத் திறந்து ஒவ்வொரு வெற்று வரியாகக் கேட்டேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டேன், அன்றைக்கு வேறு வேலை எடுக்கவில்லை.

அவள் சொன்னாள். "இங்க, நெத்தியில ஈரத் துணி போடு, கம்பளி போத்தாதன்னு சொன்னேன். இங்க, போன அது காதுல வை, நான் பேசுறேன்னேன். இங்க, உன் காலுல வுழறேன், நான் வந்து பாத்துட்டு ஓடிடறேன்னேன். இங்க..." நிறுத்தினாள். "இது தெரியலண்ணா. அழுதேன்னு நெனைக்கிறேன்."

"அழுதத எப்படிப் போடறது?"

"வுட்டுடுங்க."

மனுதாரர், இரண்டு புள்ளி, பேச்சு. எதிர்மனுதாரர், இரண்டு புள்ளி, பேச்சு. தேதியும் நேரமும் இந்தத் தடவை இருந்தன. காய்ச்சல் நாள் மட்டும் இரண்டு பக்கம் வந்தது. இதைத்தான் முதலிலேயே நீதிபதி கையில் கொடுத்திருக்க வேண்டும். தூக்கிக்கொண்டு வக்கீலம்மாவிடம் ஓடினேன்.

அவர் முதல் பக்கத்தைப் படித்தார். பிறகு மூடி என்னிடமே நீட்டினார்.

"இது சாட் இல்லைங்க. இது இவங்க இப்ப சொல்றது. போன்ல இருந்து எடுத்ததுன்னு இதுக்குச் சான்றிதழ் குடுத்தா நீங்களும் நானும் அவங்களும் மூணு பேரும் உள்ள போவணும்."

"பொய் ஒண்ணும் இல்லயே. பேசினதுதான?"

"உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்? நான் கேட்கவில்லையே. அவள் சொன்னதைப் பிரமாணப் பத்திரத்தில் வாக்குமூலமாகச் சேர்த்தார்கள். அது மட்டும்தான் செய்ய முடிந்தது. 'தோற்கப் போகிறோம் என்று தெரிந்து பிறகு யோசித்துச் சொன்ன கதை' என்று பெரியவர் ஒரே வரியில் தள்ளிவிட்டார்.

வழக்கு முடியவில்லை. முடிகிறவரைக்கும் குழந்தை அப்பனிடமே இருக்கட்டும், தாய் மாதம் இரண்டு சனிக்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டுவரை கோர்ட் வளாகத்தில் பார்க்கலாம் என்று இடைக்கால உத்தரவு வந்தது. உத்தரவில் ஒரு வரி: 'மனுதாரர் தாக்கல் செய்த உரையாடலிலேயே குழந்தைபால் அவருக்குள்ள அக்கறை வெளிப்படவில்லை.' அந்த உத்தரவுக்கு நகல் போட்டுக் கொடுத்ததும் நான்தான்.

முதல் சனிக்கிழமை அவள் விடிகாலை பஸ்ஸுக்கே வந்துவிட்டாள். ஒன்பதுக்கே மரத்தடியில் நின்றாள். அவன் பதினொன்றரைக்குக் குழந்தையைக் கொண்டுவந்தான். நான் கடையைத் திறந்து போட்டுவிட்டு அந்தப் பக்கம் போனேன். எனக்கு அங்கே வேலை இல்லை. சும்மா கடையில் உட்கார முடியவில்லை.

குழந்தை அவன் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தது. ஒரு வருடமாக முகம் பார்க்காத குழந்தை. அவள் கிட்டே போகாமல் மண்ணில் உட்கார்ந்தாள்.

"பாப்பா, சாப்டியாடா?" என்றாள்.

குழந்தை தலையை நீட்டிப் பார்த்தது. மறுபடி ஒரு தடவை பார்த்தது. "அப்பா, போன்ல பேசற அம்மா" என்றது.

அவன் சட்டென்று அதன் கையைப் பிடித்தான். "வாய மூடு" என்றான். என்னை ஒரு பார்வை பார்த்தான். நான்கு அடி தூரத்தில் நின்ற எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவன் அந்தக் குரலை எல்லாம் குழந்தைக்குப் போட்டுக் காட்டியிருக்கிறான். குழந்தை அழுதால் நிறுத்துவதற்காக இருக்கும். முந்நூற்றுப் பன்னிரண்டும் போயிருக்கிறது, சேர்ந்திருக்கிறது, கேட்கப்பட்டிருக்கிறது.

பன்னிரண்டு அடித்ததும் அவன் குழந்தையை இழுத்துக்கொண்டு போனான். நான் வக்கீலம்மாவிடம் ஓடினேன். மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் கண் பளிச்சென்றது.

"ஐயாகிட்ட சொல்லி, குழந்தையைச் சேம்பர்ல தனியா பேச வெக்கக் கேக்கலாம். நாலு வயசுதான். ஆனா கேக்கலாம்." அந்தப் பெண்ணைப் பார்த்தார். "இன்னாம்மா சொல்ற? மனு போடட்டுமா?"

அவள் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று ஆட்டினாள்.

"ஏம்மா, இதுதான நமக்கு இருக்கற ஒரே ஆதாரம்?" என்று நான் கத்தினேன். எனக்குக் கத்த உரிமை இல்லைதான்.

"மனு போட்டா அவருக்கு நோட்டீஸ் போவும் இல்லண்ணா? அன்னிக்கி வரைக்கும் பாப்பா அவருகிட்டதான கீது. இப்பவே வாய மூடுன்னாரு. அடிச்சி அடிச்சி வேற மாதிரி சொல்லக் கத்துக் குடுப்பாரு. என் பேர கேட்டாலே அடிதான்னு அதுக்குப் பதிஞ்சிடும்."

வக்கீலம்மா பேனாவை மூடி வைத்தார்.

இப்போதும் சாட் கோப்பு வருகிறது. தேதி, நேரம் எதையும் எடுப்பதில்லை. மீடியா வரி ஒவ்வொன்றையும் விட்டுவைக்கிறேன். குரல் சேர்த்து எடு, இடம் இல்லாவிட்டால் வேறு நாள் வா என்று சொல்கிறேன். பக்கம் கூடுகிறது என்று இரண்டு வக்கீல்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். போகட்டும். இதனால் அவளுக்கு ஒரு பிரயோசனமும் இல்லை.

நேற்றுச் சனிக்கிழமை. அவன் வரவில்லை. குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று அவன் வக்கீல் மூலம் சொல்லி அனுப்பினான். அவள் பன்னிரண்டுவரை மரத்தடியில் நின்றாள். பிறகு என் கடைக்கு வந்து, வரவில்லை என்று நீதிபதிக்கு ஒரு மனு டைப் பண்ணச் சொன்னாள். உடம்புக்கு என்ன என்று கேட்கலாம் என்றால், அவன் அவள் எண்ணைத் தடை செய்துவிட்டான். குரல் அனுப்பினால் ஒரு டிக்கோடு நிற்கிறது.

நான் மனுவை டைப் செய்தேன். இந்தத் தடவை அவள் ஒவ்வொரு வரியாக எழுத்துக் கூட்டி, விரல் வைத்துப் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். முக்கால் மணி நேரம் ஆனது. மலைக்குப் போகிற ஒரு மணி பஸ் போய்விட்டது.